செம்மொழிக்கு வராத ரிசல்ட்

ஒரத்தநாட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்தில் நல்லக்கண்ணுவின் மகள் செம்மொழியை எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது அவள் நடையால்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுகூட ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். பஸ் போகிற திசையில் நடக்கத் தொடங்கி, அடுத்த நிறுத்தத்தில் ஏறிக்கொள்வாள். நின்று காத்திருந்தாலும் அதே பஸ்தான் வரும் என்று தோழிகள் கேலி செய்வார்கள். அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் நடப்பாள்.

அவள் தஞ்சாவூரில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தாள். நல்லக்கண்ணுவின் அப்பா காலம் வரை அந்தக் குடும்பம் பிறர் வயலில் கூலிக்கு இறங்கிய குடும்பம். நல்லக்கண்ணு இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, தன் கணக்கில் நாற்று விட ஆரம்பித்திருந்தார். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் செம்மொழி. இறுதியாண்டில், சென்னையிலிருந்து வந்த ஒரு கம்பெனி அவளைக் கல்லூரியிலேயே தேர்வு செய்துவிட்டது. அமெரிக்காவில் யாரோ ஆஸ்பத்திரிக்குப் போனதற்கான காப்பீட்டுக் கணக்கைச் சென்னையில் உட்கார்ந்து சரிபார்க்கும் வேலை. நிபந்தனை மூன்று. ஒரு தாளிலும் அரியர் இருக்கக்கூடாது. மொத்தத்தில் அறுபது சதவீதம் வேண்டும். ஜூலை மூன்றாம் தேதி புரொவிஷனல் சர்டிபிகேட்டோடு வந்து சேர வேண்டும்.

2006 ஜூன் மாதம் ரிசல்ட் வந்தது. பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஒரே கூட்டம். கடைக்காரப் பையன் பதிவெண்ணைக் கேட்டுக் கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். மற்ற பிள்ளைகளுக்கு ஆறு தாள், ஆறு மதிப்பெண், பக்கத்தில் பாஸ் என்று திரையில் வந்தது. செம்மொழியின் எண்ணைத் தட்டியதும் பேர் வந்தது, கல்லூரி வந்தது, கீழே ஒரே ஒரு வார்த்தை மட்டும் வந்தது.

"வித்ஹெல்டுன்னு போட்டிருக்குக்கா" என்றான் பையன்.

"மார்க்கு?"

"மார்க்கே காட்டல. நிறுத்தி வச்சிருக்காங்க."

பெயிலானாலும் எந்தத் தாளில் என்று தெரியும். இது எதுவுமே இல்லை. ஆறு தாளும் ஒரு வார்த்தைக்குப் பின்னால் மறைந்து கிடந்தன. அதே கம்பெனிக்குத் தேர்வாகியிருந்த தோழி அனிட்டா கூட நின்றாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஃபீஸ் ஏதாவது பாக்கி இருக்கும்டி. நம்ம செட்டுல ஹாஸ்டல் பாக்கி வச்சவளுக்கும் இப்படித்தான் நிறுத்தியிருக்காங்களாம்."

செம்மொழிக்கு அரசு உதவித்தொகை வந்துதான் கட்டணம் கழியும். அது பல நேரம் தாமதமாக வரும். அந்த நினைப்பிலேயே வீட்டுக்குப் போனாள். அப்பாவிடம் சொன்னதுதான் தப்பாகிவிட்டது. நல்லக்கண்ணு எழுந்து போய், கட்டியிருந்த கன்றுக்குட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா அம்சத்துக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் புரிந்துவிட்டது.

"மொதல்ல காலேஜுல போயி என்னான்னு கேட்டுட்டு வரட்டும். நீங்க அதுக்குள்ள சந்தைக்குப் போவாதீங்க" என்றாள்.

மறுநாள் காலை கல்லூரி அலுவலகம் திறக்கும்போது செம்மொழி வாசலில் இருந்தாள். தேர்வு வேலைகளைப் பார்த்தவர் கண்காணிப்பாளர் அப்துல் ஹமீது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு, எதிரே நிற்பவர்களைப் பார்க்காமலே பேசுகிற வழக்கம் அவருக்கு. அன்றைக்கு வித்ஹெல்டு என்று வந்து நின்ற நான்காவது ஆள் இவள்.

"ஒனக்கு பாக்கி எதுவும் இல்லம்மா. ஸ்காலர்ஷிப் மார்ச்லயே வந்து கழிச்சாச்சு. லைப்ரரி, லேப் எல்லாம் நோ டியூஸ் கையெழுத்து இருக்கு. பாக்கின்னா இங்கயே கட்டச் சொல்லி, நாங்க யுனிவர்சிட்டிக்கு எழுதிட்டா முடிஞ்சுது. இது வேற."

"வேறன்னா என்ன சார்?"

அவர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த தாளைத் திருப்பிக் காட்டினார். அவள் எண்ணுக்கு நேரே, எண்முறைப் பகுப்பாய்வுத் தாளுக்கு அகமதிப்பெண் வரவில்லை என்று இருந்தது. பல்கலைக்கழகத் தேர்வுக்கு எழுபத்தைந்து, கல்லூரி போடுகிற அகமதிப்பெண் இருபத்தைந்து. அந்த இருபத்தைந்து இல்லாமல் கூட்டலே போட முடியாது. ஒரு தாளின் கூட்டல் நின்றதால் அவளுடைய மொத்த ரிசல்ட்டும் நின்றுபோனது.

"எங்க போய் கேக்கணும் சார்?"

"ஒங்க துறைத்தலைவர்கிட்ட போ. மார்க்க அவங்கதான் தரணும். அவங்க எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஏன் லேட்டுன்னு காரணமும் எழுதி பிரின்சிபாலுக்கு அனுப்பணும். பிரின்சிபால் கவரிங் லெட்டர் போட்டு, ஒட்டுன கவர்ல தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு அனுப்புவாரு. தாமதக் கட்டணம் டி.டி. வைக்கணும். அங்க ஆர்டர் போட்டப்பறம்தான் ரிசல்ட்ட விடுவாங்க. அந்தக் கவர ஒங்கிட்ட குடுக்க மாட்டோம், கேக்காத. ஆபீஸ் ஆளு கொண்டு போவாரு."

அவள் ஒவ்வொன்றையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே மாடிக்கு ஏறினாள். ஏறும்போதே காரணம் பிடிபட்டுவிட்டது.

பிப்ரவரியில் நல்லக்கண்ணுவை வயல் வரப்பில் பாம்பு கடித்தது. உளுந்துக்குப் போனவர் காலைப் பிடித்துக்கொண்டு வந்து விழுந்தார். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வார்டில் அவர் கண் இமையைத் தூக்க முடியாமல் கிடந்த அன்றைக்குத்தான் அந்தத் தாளுக்குக் கல்லூரி வைக்கும் இரண்டாவது அகத்தேர்வு. செம்மொழி போகவில்லை. பாடம் எடுத்த தற்காலிக விரிவுரையாளர் கிளாட்சன் சார் நல்லவர். அடுத்த வாரம் ஆசிரியர் அறையில் அவளைத் தனியாக உட்காரவைத்து மறுதேர்வு எழுதவைத்தார். தாளை வாங்கி, "திருத்தி சேர்த்துர்றேன்" என்று சொல்லிப் பையில் வைத்துக்கொண்டார். அந்த மாதக் கடைசியில் அவருக்குக் கத்தாரிலிருந்து விசா வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் வேலை. கல்லூரி தருவதைப் போலப் பல மடங்கு சம்பளம். ஒரு வாரத்தில் கிளம்பிவிட்டார்.

துறைத்தலைவர் சாரங்கபாணி மதிப்பெண் பட்டியலின் நகலை எடுத்துப் பார்த்தார். செம்மொழியின் வரிசையில் முதல் தேர்வு பத்துக்கு ஒன்பது. அசைன்மென்ட், செமினார் இரண்டுக்கும் சேர்த்து ஐந்துக்கு ஐந்து. இரண்டாம் தேர்வுக் கட்டம் காலி. அதனால் கூட்டல் கட்டமும் காலி. கீழே சாரங்கபாணியின் கையெழுத்து.

அவர் அதை நெடுநேரம் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"நான்தான் பாத்து கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார். "பாத்தேன்னு சொல்றது தப்பு. போட்டிருக்கேன்."

"மறுதேர்வு எழுதினேன் சார். கிளாட்சன் சார்கிட்ட இருக்கு."

"அந்தப் பேப்பர் எங்க?"

அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்டு வருகிறேன் என்று அப்போதே கிளம்பிவிட்டாள்.

கிளாட்சனின் வீடு திருவையாற்றுக்கு அந்தப் பக்கம், மாதா கோயில் தெருவில். பஸ்ஸை விட்டு இறங்கி, வாழைக்கொல்லை ஓரமாக வெயிலில் நடந்தாள். கதவைத் திறந்த கிளாட்சனின் அம்மா இருதயம்மாள் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். செம்மொழி தண்ணீரை நின்றுகொண்டே குடித்தாள்.

"பேப்பரா? அவன் போகச்ச அலமாரி நெறைய கட்டுக்கட்டா இருந்துச்சும்மா. எல்லாம் பழசு, இனிமே வேணாம்னுட்டுப் போனான். பழைய பேப்பர்காரன்ட்ட போட்டுட்டேன். ஏம்மா, அதுல ஏதாச்சும் முக்கியமா இருந்துச்சா?"

செம்மொழி இல்லை என்று தலையாட்டினாள். பிறகு ஆமாம் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னாள். இருதயம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, நான் பாவிம்மா. அவன் ஞாயித்துக்கிழம பூசைக்கப்பறம் போன் பண்ணுவான். ஒன் பேரு என்ன சொன்ன? மெயிலு அட்ரசு எழுதிக் குடுத்துட்டுப் போ. நான் அவன விட மாட்டேன்."

பிரவுசிங் சென்டரில் போன மாதம்தான் ஆரம்பித்திருந்த மின்னஞ்சல் முகவரியை எழுதிக் கொடுத்தாள். திரும்பும் பஸ்ஸில் இடம் இருந்தும் படிக்கட்டுப் பக்கம் நின்றே வந்தாள். காவிரிப் பாலத்தில் பஸ் ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்தபோது, இறங்கி ஓடிவிடலாமா என்று தோன்றியது.

மறுநாள் சாரங்கபாணி அவளுக்கு முன்பே வந்து காத்திருந்தார். விதி புத்தகத்தைப் பார்த்து வைத்திருந்தார்.

"ரெண்டு வழி இருக்கும்மா. ஒன்னு, ரெண்டாம் தேர்வுக்கு நீ வரலைன்னு போட்டுட்டா, மிச்சத்துக்குப் பதினாலு வருது. அகமதிப்பெண்ணுல பத்து வாங்கினா பாஸ். நீ பாஸ். இன்னைக்கே எழுதி பிரின்சிபால்ட்ட குடுத்துடலாம், நாளைக்கு திருச்சி யுனிவர்சிட்டிக்கு ஆளு போறாங்க."

"ரெண்டாவது சார்?"

"தாள் தொலைஞ்சது எங்க தப்பு. அதனால பிரின்சிபால் எழுத்துல அனுமதி குடுத்தா, அந்தத் தேர்வ மட்டும் ஒனக்குத் திருப்பி வைக்கலாம். வேற வாத்தியார் திருத்தணும். ஆனா அனுமதி, வினாத்தாள், திருத்தறது, இதுக்கெல்லாம் நாள் போகும். வேலைக்குச் சேர நாள் குறிச்சிருக்காங்கன்னு சொன்னியே."

செம்மொழி ஜன்னல் பக்கம் போனாள். திரும்பி வந்தாள். பதினான்கு போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றால், பல்கலைக்கழகத் தேர்வில் என்ன வாங்கினாள் என்பதே தெரியாது. ஐந்து செமஸ்டர் வரை அவள் மொத்தம் அறுபதுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. உதவித்தொகை வராமல் புத்தகம் வாங்க முடியாத முதல் வருஷம் அவளை அங்கே இழுத்து வைத்திருந்தது. இதில் எட்டு, ஒன்பது மதிப்பெண் என்பது இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும். நாள் தவறினாலும் வேலை போகும். மதிப்பெண் தவறினாலும் வேலை போகும்.

ஆனால் அவள் வாயில் வந்தது அந்தக் கணக்கு அல்ல.

"நான் வரலைன்னு போடாதீங்க சார். நான் எழுதினேன்."

சாரங்கபாணி பேனாவை மூடினார். "சரி. அனுமதி நான் வாங்கறேன். நீ போயி படி."

அனுமதி அன்று மாலையே கிடைத்துவிட்டது. ஆனால் ஏப்ரலுக்குப் பிறகு அவள் அந்தப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பஸ்ஸில் படித்தாள். வீட்டில் நாற்றங்காலுக்கு வண்டல் கொட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. அம்மா அவளை ஒரு கூடைகூடத் தூக்கவிடவில்லை. பாதத்தில் கடிவாய் ஆறிக் கறுத்துப்போன இடத்தைத் தடவிக்கொண்டே நல்லக்கண்ணு ஒருமுறை சொன்னார்:

"எனக்குக் கடிச்சது இன்னும் ஒனக்கு எறங்கல போலருக்கே."

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை.

தேர்வு, மூன்றாம் நாள் ஆசிரியர் அறையின் மூலை மேசையில். வீரையன் என்ற புது விரிவுரையாளர் வினாத்தாளைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நியூட்டன்-ராப்சன் முறையில் ஒரு மூலம் காண வேண்டும். சிம்ப்சன் விதியில் ஒரு தொகையீடு. தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கரண்டு போய் மின்விசிறி நின்றது. வியர்வை தாளில் சொட்டாமல் இருக்க முந்தானையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். முதல் கணக்கில் இரண்டாவது தோராயத்துக்கும் மூன்றாவதுக்கும் இடையில் எண் எங்கோ ஓடிவிட்டது. நெருங்கி வர வேண்டிய எண் விலகி விலகிப் போனது. எழுந்து நடக்க வேண்டும் போல இருந்தது. நடக்க முடியாது. மேசைக்கு அடியில் குதிகாலைத் தரையில் தட்டிக்கொண்டே முதல் வரிக்குத் திரும்பினாள். ஒரு கழித்தல் குறியை விட்டிருந்தாள். அதைப் போட்டதும் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நான்காவது தசமம் வரை ஒத்து வந்து நின்றன. சிம்ப்சன் விதியில் கடைசிப் படி எழுத நேரமில்லை.

வீரையன் திருத்திப் பத்துக்கு எட்டு போட்டார். மொத்தம் இருபத்திரண்டு. சாரங்கபாணி ஒவ்வொரு கட்டத்தையும் விரல் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். டி.டி.யை மாணவி எடுக்கட்டும் என்று அலுவலகத்தில் யாரோ சொன்னபோது, தவறு துறையுடையது என்று சொல்லி அவரே வங்கிக்குப் போய் எடுத்து வந்தார்.

கவர் திருச்சிக்குப் போனது. அதற்குப் பிறகு அவள் செய்ய ஒன்றுமில்லை என்று அப்துல் ஹமீது சொன்னார். அவளால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தினமும் பிரவுசிங் சென்டருக்குப் போனாள். அதே வார்த்தை. கம்பெனிக்குப் போன் செய்தாள். ஆங்கிலத்தில் பேசிய பெண், ரிசல்ட் நிர்வாகக் காரணத்தால் நின்றிருக்கிறது, மாணவியின் தவறு இல்லை என்று முதல்வரிடமிருந்து ஒரு கடிதம் ஃபேக்ஸில் வந்தால் அடுத்த குழுவில் சேர்க்க முடியும், அது ஜூலை பதினேழு, அதற்கு மேல் கேட்காதீர்கள் என்றாள். அந்தக் கடிதத்தை வாங்கி அனுப்பினாள். ஜூலை மூன்று வந்தது, போனது. அதற்கு முந்தின இரவே அனிட்டா சென்னைக்கு ரயிலேறிவிட்டாள். வழியனுப்பப் போன செம்மொழி, ரயில் கிளம்பிய பிறகும் பிளாட்பாரத்தின் கடைசி வரை நடந்தாள்.

ஜூலை நான்காம் தேதி காலை யாரிடமும் சொல்லாமல் திருச்சிக்கு பஸ் ஏறினாள். பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் விசாரணைக்கென்று ஒரு ஜன்னல் இருந்தது. வரிசையில் நின்று, கல்லூரி பெயரையும் பதிவெண்ணையும் சொன்னாள். உள்ளே இருந்த அம்மாள் ஒரு கோப்பைப் புரட்டினார்.

"மார்க்கு வந்திருக்கு. ஆனா கவரிங் லெட்டர்ல போட்ட தாள் குறியீடும் மார்க் பட்டியல்ல இருக்கிற குறியீடும் ஒத்து வரலையே. ஒரு எழுத்து மாறியிருக்கு. காலேஜுக்குத் திருப்பி அனுப்ப எடுத்து வச்சிருக்கோம்."

"நான் எழுதித் தரட்டுமாங்க?"

"நீ எழுதினா செல்லாதும்மா. காலேஜ்ல இருந்துதான் வரணும். தபால்ல போனா நாளாகும், நீ போன்ல சொல்லிடு. திருத்தின லெட்டரோட யாராவது வந்தா கோப்ப இங்கயே வச்சிருக்கேன்."

வாசலில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள். எதிர்முனையில் அப்துல் ஹமீது கோப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"டைப் அடிச்சது நம்ம ஆளுதான்" என்றார் கடைசியில். "நாளைக்குக் காலைல நானே வரேன். நீ வீட்டுக்குப் போம்மா."

சொன்னபடி அவரே போனார். புதுக் கடிதத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டு வந்தார்.

ரிசல்ட் வந்த நாளில் செம்மொழி வயலில் இருந்தாள். நாற்றுப் பறிக்க ஆள் குறைவு என்று அம்மா கூப்பிட்டிருந்தாள். கைக்கு வேலை கிடைத்ததில் அவளுக்கும் ஒரு நிம்மதி. கல்லூரியிலிருந்து பெட்டிக்கடை போனுக்குத் தகவல் வந்து, கடைக்காரர் சாமிதுரை வரப்பில் நின்று கத்தினார்.

"செம்மொழி! ஒன் ரிசல்ட்ட விட்டுட்டாங்களாம்! எல்லாம் பாஸாம்!"

"மார்க்கு எவ்வளவாம்?"

"அது சொல்லல!"

சேற்றுக் காலோடு கடைக்கு ஓடித் திருப்பி அழைத்தாள். மறுமுனையில் சாரங்கபாணி ஆறு தாளின் மதிப்பெண்ணையும் நிதானமாகப் படித்தார். சாமிதுரையின் பேனாவை வாங்கி உள்ளங்கையில் எழுதினாள். பழைய செமஸ்டர்களோடு கூட்டினாள். சதவீதம் அறுபதைத் தாண்டியது. எவ்வளவு தாண்டியது என்று பார்த்தாள். பதினான்கோடு நின்றிருந்தாலும் மயிரிழையில் தாண்டியிருக்கும்.

அவள் கையைப் பார்த்தபடியே நின்றாள். அந்த எட்டு மதிப்பெண் இல்லாமலே வேலைக்குத் தகுதி இருந்திருக்கிறது. பதினான்கு போதும் என்று அன்றே சொல்லியிருந்தால் ஒருவேளை மூன்றாம் தேதிக்கே அனிட்டாவோடு போய்ச் சேர்ந்திருக்கலாம். அது எரிச்சலாகத்தான் இருந்தது. வயலுக்குத் திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னபோது அம்சம் கையிலிருந்த நாற்று முடியைக் கட்டியபடியே, "அதெல்லாம் மின்ன தெரியுமா? நீ எழுதுனது எழுதுனதுதான்" என்றாள். செம்மொழிக்கு அந்தப் பதில் முழுசாக ஆறுதல் தரவில்லை. ஆனால் மறுக்கவும் தோன்றவில்லை.

அடுத்த நாள் தஞ்சாவூரில் மின்னஞ்சலைத் திறந்தபோது கிளாட்சனின் கடிதம் வந்திருந்தது. அம்மா ஞாயிறுதோறும் திட்டியதாகவும், அங்கே இணைய வசதி சரியாகக் கிடைக்காததால் தாமதமாகிவிட்டதாகவும் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார். அந்தத் தாளைத் திருத்தியது நினைவிருக்கிறது, ஒன்பது போட்டேன் என்று நினைக்கிறேன், இப்போதும் எழுதித் தரத் தயார் என்றும் சொல்லியிருந்தார். அவள் பதில் எழுதினாள்: எட்டு வாங்கிவிட்டேன் சார், ரிசல்ட் வந்துவிட்டது, அம்மாவை இனித் திட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

புரொவிஷனல் சர்டிபிகேட்டுக்கு விண்ணப்பம் போட்டு, அவசரம் என்று முதல்வரிடம் குறிப்பு வாங்கி, இன்னொரு முறை திருச்சி போய் வந்தாள். பதினைந்தாம் தேதி சாயங்காலம் அது கையில் கிடைத்தது. பதினாறாம் தேதி சென்னை பஸ். நல்லக்கண்ணு கூடவே வந்து அவள் பையைச் சீட்டுக்கு மேலே வைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றார்.

"போயிச் சேந்ததும் சாமிதுரை கடைக்குப் போன் போடு. ரெண்டு நாளைக்கு நான் அங்கனதான் இருப்பேன்."

"நீங்க எதுக்குப்பா அங்க காத்துக் கெடக்கிறீங்க? நடவு கெடக்குல்ல."

"கெடந்துட்டுப் போவுது" என்றார் அவர்.

பஸ் கிளம்பியது. சன்னலோரத்தில் செம்மொழி உட்கார்ந்தாள். கும்பகோணம் தாண்டும் வரை கையிலிருந்த சர்டிபிகேட் கவரைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாகவே வந்தாள்.